தொடாமல் ஒலிக்கும் தந்தி

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கச்சேரி கேட்பது புதிதன்று. கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலுள்ள ஷண்முகானந்த சபையிலும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கிலும் நம் இசையோடு வடநாட்டு இசையையும் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. அவ்வாறு முதன்முறையாக ஸிதார் கேட்கச் செல்பவர் ஒரு காட்சியைக் கண்டு வியப்படைவது இயல்பு. வித்வான் மேடையில் அமர்ந்ததும் வாத்தியத்தின் தலைப்பக்கத்துப் பிரடைகளைத் திருகிச் சுருதி கூட்டுகிறார். அது நமக்குப் பழக்கமானதே. ஆனால் அதோடு அவர் நிற்பதில்லை. தண்டியின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகத் தொடங்குகிறார். இரண்டு மூன்று நிமிடம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகிறது. பிறகு வாசிப்புத் தொடங்குகிறது. அத்தனை சிரமப்பட்டுச் சேர்த்த அந்தத் தந்திகளை அவர் கச்சேரி நெடுகிலும் பெரும்பாலும் மீட்டுவதே இல்லை!

மீட்டப்படாத தந்திகளுக்கு இத்தனை உபசாரம் ஏன்? அவை எதனால் ஒலிக்கின்றன? ஒரு ராகம் முடிந்து அடுத்த ராகம் தொடங்குமுன் அவற்றை ஏன் மீண்டும் சேர்க்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் வாத்தியத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஸிதாரின் மேல்வரிசையில் ஆறு அல்லது ஏழு தந்திகள் உண்டு. இவையே விரலில் அணிந்த மிஸ்ராப் என்னும் கம்பி நகத்தால் மீட்டப்படுபவை. மெட்டுகள் வீணையில் போல மெழுகில் பதிக்கப்பட்டவை அல்ல. வில்போல வளைந்த உலோகக் கம்பிகளாக அவை தண்டியின் மேல் நூலால் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த வளைவுக்கு அடியில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் கீழ்வரிசைத் தந்திகள் ஓடுகின்றன. வாத்தியத்தைப் பொறுத்து இவை பதினொன்று முதல் பதின்மூன்று வரை இருக்கும். அனைத்தும் மெல்லிய எஃகுக் கம்பிகள். கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இவற்றுக்கென்று ஒரு சிறிய தட்டையான குதிரை, பெரிய குதிரைக்கு முன்னால் மேற்பலகையின்மீது தனியாக நிற்கிறது. மறுமுனையில் ஒவ்வொரு தந்தியும் தண்டியிலுள்ள ஒரு சிறு துவாரத்தின் வழியே இறங்கி, பக்கவாட்டுப் பிரடையில் சுற்றப்படுகிறது. பிரடைகள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் தந்திகளின் நீளமும் வேறுபடுகிறது. நீளமானது தாழ்ந்த ஸ்வரத்துக்கும், குட்டையானது உயர்ந்த ஸ்வரத்துக்கும் ஏற்றது.

இத்தந்திகளை வடநாட்டார் 'தரப்' என்று அழைக்கின்றனர். இவை ஸிதாரில் தொடக்கம் முதலே இருந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. தமிழில் இவற்றைப் 'பரிவுத் தந்திகள்' என்று சொல்லலாம். ஒருவருடைய துன்பத்தையோ இன்பத்தையோ கண்டு மற்றொருவர் உள்ளம் அசைவதைப் பரிவு என்கிறோம். ஒரு தந்தி அசைய, கை படாத மற்றொரு தந்தி தானும் அசைவதற்கு அச்சொல் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதர் யாரிடமும் பரிவு காட்டலாம். இத்தந்தியோ தனக்கு ஒத்த ஒலியிடம் மட்டுமே பரிவு காட்டும். அதுதான் இதன் இயல்பு முழுவதற்கும் அடிப்படை.

இதைச் சோதித்துப் பார்க்க ஸிதார் வேண்டியதில்லை. வீட்டில் தம்பூரா இருந்தால் போதும். நடுவிலுள்ள சாரணி, அனுசாரணி என்னும் இரண்டு தந்திகளும் ஒரே ஷட்ஜத்தில் சேர்ந்திருப்பவை. அனுசாரணியின் மீது, நடுவுக்குச் சற்றுத் தள்ளி, மடித்த சிறு காகிதத் துண்டு ஒன்றைக் குதிரையேற்றினாற்போல் வைத்துவிட்டுச் சாரணியை மட்டும் மீட்டுங்கள். காகிதம் துடித்து விழும். பின்பு சாரணியை விரலால் அமர்த்திவிடுங்கள். ஒலி நின்றுவிடாது. மெல்லிய நாதம் ஒன்று தொடர்ந்து கேட்கும். அது அனுசாரணியின் ஒலி. இப்போது அனுசாரணியின் பிரடையைச் சிறிது தளர்த்திவிட்டு அதே சோதனையைச் செய்தால் காகிதம் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். மீட்டிய வேகம் அதேதான், மரமும் அதேதான். ஒற்றுமை குலைந்தது ஒன்றே காரணம்.

இது நிகழும் விதத்தை ஊஞ்சலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பெரிய ஊஞ்சலில் அமர்ந்த ஒருவரை ஒரு குழந்தைகூடத் தன் சிறு கையால் உயர ஆட்டிவிட முடியும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளினால் போதும். தள்ளல் சிறிதாயினும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகிறது. நேரம் தவறித் தள்ளினாலோ, ஊஞ்சல் எதிரே வரும்போது கை தடுத்துவிடும்; முன்பு சேர்ந்த வேகமும் அழிந்துவிடும்.

ஸிதாரில் இந்தத் தள்ளும் கை எது? குதிரைதான். மேல்வரிசைத் தந்தி அதிரும்போது பெரிய குதிரை அதிர்கிறது. குதிரையினால் மேற்பலகை அதிர்கிறது. பலகையின் அசைவு சிறிய குதிரையை எட்டி, அதன் மீது கிடக்கும் தந்திகள் அனைத்தின் முனையையும் அசைக்கிறது. வினாடிக்கு 300 முறை அதிரும் ஸ்வரத்தை வாசித்தால், எல்லாப் பரிவுத் தந்திகளும் வினாடிக்கு 300 முறை தள்ளப்படுகின்றன. அவற்றுள் இயல்பாகவே 300 முறை அதிரக்கூடிய தந்தி எதுவோ, அது மட்டுமே அத்தள்ளல்களைச் சேமித்துக்கொண்டு பெரிதாக ஆடுகிறது. மற்றவை தள்ளலை வாங்கி வாங்கி இழந்துவிடுகின்றன.

சேமிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஸிதாரின் ஆதார ஷட்ஜம் பெரும்பாலும் ஒன்றரைக் கட்டையை ஒட்டி இருக்கும். மத்திய ஷட்ஜத்துக்கு அது வினாடிக்குச் சுமார் 277 அதிர்வு. நாம் கணக்கின் வசதிக்காக ஷட்ஜம் 240 என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தர காந்தாரம் 300, பஞ்சமம் 360, மேல் ஷட்ஜம் 480. ஹார்மோனியத்தில் இதே காந்தாரம் 300 அன்று, 302க்குச் சற்று மேல். பன்னிரண்டு கட்டைகளையும் சமமாகப் பங்கிடுவதால் வரும் வேறுபாடு அது. இனி, ஒருவர் தம் காந்தாரப் பரிவுத் தந்தியை ஹார்மோனியத்தைக் கேட்டுச் சேர்த்துவிட்டு, வாசிக்கும்போது செவிக்கு இனிய 300ஐயே வாசிக்கிறார் என்று கொள்வோம். முதல் ஐந்தில் ஒரு பங்கு வினாடி வரை தள்ளல்கள் ஏறக்குறைய நேரத்தோடு சேரும். அதற்குள் தந்தி அரை அதிர்வு முந்திப் போய்விடுவதால், அதன்பின் தள்ளல்கள் எதிராக வந்து, எழுந்த ஒலியைத் தாமே அமர்த்தத் தொடங்கும். விளைவு, தந்தி எழும்ப முயன்று எழும்பாமல் தடுமாறுகிறது. முந்நூற்றில் இரண்டரை என்பது பேச்சளவில் அற்ப வேறுபாடு. பரிவுத் தந்திக்கோ அது ஒலிப்பதற்கும் மௌனத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

ஆகையால்தான் இத்தந்திகளைக் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து மட்டும் சேர்த்தால் போதாது. தேர்ந்தவர்கள் செய்யும் முறை வேறு. எந்த ஸ்வரத்தைச் சேர்க்க வேண்டுமோ அதை மேல்தந்தியில் அதற்குரிய மெட்டில் வாசிக்கிறார்கள். பிறகு பரிவுத் தந்தியின் பிரடையைத் திருகுகிறார்கள். முதலில் அதைச் சுண்டிப் பார்த்து அருகில் கொண்டு வந்துவிட்டு, முடிவில் அதைத் தொடாமலே விட்டு, மேல்தந்தியை மட்டும் மீட்டிக் கேட்கிறார்கள். மேல்தந்தியை உடனே விரலால் அமர்த்தினால் மீந்து நிற்கும் ஒலியே விடை. அது நீண்டு, அலையாமல் நின்றால் சேர்ந்துவிட்டது; விட்டுவிட்டு அலைந்தால் இன்னும் சேரவில்லை; ஒன்றுமே இல்லையானால் வெகு தூரத்தில் இருக்கிறது. வாசிக்கப்போகும் ஸ்வரமே இங்கு அளவுகோல்.

இதுவரை ஒரே ஸ்வரத்துக்கு ஒரே தந்தி ஒலிப்பதைப் பார்த்தோம். ஆனால் ஸிதாரில் ஒரு ஷட்ஜத்தை மீட்டினால் பல தந்திகள் சேர்ந்து முணுமுணுப்பதைக் கேட்கிறோம். இதற்குக் காரணம், எந்தத் தந்தியும் ஒரே ஒலியை மட்டும் எழுப்புவதில்லை என்பதே. 240 அதிர்வுள்ள ஷட்ஜத்தோடு 480, 720, 960, 1200 என அதன் மடங்குகளும் மெல்லியதாகக் கூடவே பிறக்கின்றன. பஞ்சமத் தந்தியின் இயல்பு 360. அதன் இரு மடங்கு 720. ஷட்ஜத்தின் மூன்று மடங்கும் 720. எனவே ஷட்ஜம் வாசிக்கும்போதே பஞ்சமத் தந்தி 720இல் இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்கிறது. காந்தாரத் தந்தியோ 300இன் நான்கு மடங்கான 1200இல், ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கைப் பிடித்துக்கொள்கிறது. மடங்கு உயர உயர ஒலி மெலியும். ஆதலால் பஞ்சமத்தின் பரிவு நன்றாகவும், காந்தாரத்தின் பரிவு மெல்லவும் கேட்கின்றன.

இம்மடங்குகள் ஏராளமாகக் கிடைப்பதற்கு ஸிதாரின் குதிரை பெரும் துணை செய்கிறது. அது கூர்மையான விளிம்புடையதன்று. அகன்று, மிகச் சிறிதளவு வளைந்த முகமுடையது. தந்தி அதிரும்போது அந்த வளைவின்மீது தொட்டும் விலகியும் படிவதால் மேல்மடங்குகள் செழிக்கின்றன. இந்த அமைப்பை 'ஜவாரி' என்பர். நம் தம்பூராவில் குதிரையின் மீது நூலை வைத்து ஜீவா பிடிப்பதும் இதே தத்துவம்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன், கல்கத்தாவில் ஆராய்ந்து 1921இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தம்பூரா, வீணை ஆகியவற்றின் குதிரைகளை எடுத்துக்கொண்டார். சாதாரணத் தந்தியில், மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மடங்குகள் பிறக்கவே கூடாது என்பது பழைய விதி. இவ்வளைந்த குதிரைகளில் அந்த மடங்குகளும் தெளிவாக ஒலிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் செழிப்பே ஸிதாரின் பரிவுத் தந்திகளுக்கு உணவு.

இனி ராகத்துக்கு வருவோம். இங்கே மும்பையிலேயே வாழ்ந்த ஒரு கலைஞரை நினைவுகூர்வது பொருத்தம். உஸ்தாத் அப்துல் ஹலீம் ஜாஃபர் கான் நெடுங்காலம் இந்நகரில் இருந்து ஸிதார் வாசித்து, 2017 ஜனவரியில் இங்கேயே காலமானார். கீரவாணி, லதாங்கி, கனகாங்கி முதலிய நம் கர்நாடக ராகங்களை ஸிதாரில் எடுத்து வாசித்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். ஆந்திர வைணிகர் ஈமனி சங்கர சாஸ்திரியோடு சேர்ந்து வீணை, ஸிதார் ஜுகல்பந்தியும் செய்தவர். மாதுங்காத் தமிழருக்கு நன்கு தெரிந்த கீரவாணியை ஸிதாரில் வாசிப்பதானால் பரிவுத் தந்திகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். முன்பு வாசித்தது யமன், அதாவது நம் கல்யாணியை ஒத்த ராகம், என்று வைத்துக்கொள்வோம்.

உதாரணத்துக்குப் பதினொரு பரிவுத் தந்திகள் உள்ள வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த நிஷாதத்தில் தொடங்கி ஷட்ஜம், ரிஷபம் என்று படிப்படியாக ஏறி மேல் காந்தாரத்தில் முடிவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பாணியினரும் தத்தம் வரிசையைச் சிறிது மாற்றிக்கொள்வதுண்டு, தத்துவம் மாறாது. கல்யாணியில் காந்தாரம் 300, பிரதி மத்யமம் ஏறக்குறைய 337, சதுச்ருதி தைவதம் 405. கீரவாணிக்குக் காந்தாரம் சாதாரண காந்தாரமாகி 288க்கு இறங்க வேண்டும். மத்யமம் சுத்தமாகி 320க்கும், தைவதம் சுத்தமாகி 384க்கும் இறங்க வேண்டும். ஷட்ஜம், ரிஷபம், பஞ்சமம், நிஷாதம் நான்கும் இருந்தபடியே இருக்கும். காந்தாரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு தந்திகள் இருப்பதால், மொத்தம் நான்கு பிரடைகளைத் திருக வேண்டும். அவற்றோடு தேவையான மெட்டுகளையும் நகர்த்தி வைக்க வேண்டும்.

நான்கும் இறக்கமே என்பதால் வேலை எளிது என்று தோன்றும். உண்மையில் தந்தியை இறக்குவதே தொல்லை. கம்பி சிறு குதிரையின் மீதும் தண்டியின் துவாரத்திலும் உராய்ந்து கிடக்கிறது. பிரடையைத் தளர்த்தினால் பிரடைப் பக்கத்துக் கம்பி உடனே தளர்ந்தாலும், ஒலிக்கும் பகுதி உராய்வினால் பழைய இறுக்கத்தில் சிறிதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. செவிக்குச் சரியாக நிற்கிறது என்று விட்டுவிட்டால், வாசிக்க வாசிக்க அதிர்வில் உராய்வு நழுவி, கால் மணி நேரத்தில் தந்தி மேலும் இறங்கிவிடும். எனவே தேவையான ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே வரை தளர்த்தி, தந்தியை விரலால் மெல்ல இழுத்துவிட்டு, பின்பு கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துவதே முறை. ஏற்றி நிறுத்திய தந்தி நிலைக்கும். இறக்கி நிறுத்திய தந்தி ஏமாற்றும்.

மத்யமத் தந்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த மாற்றத்தால் என்ன விளைகிறது என்று கேட்போம். கல்யாணியில் அது 337. ஷட்ஜத்தின் மடங்குகளோடு அதன் மடங்குகள் செவிக்கு எட்டும் எல்லையில் பொருந்துவதே இல்லை. எனவே ஷட்ஜத்தில் நின்று எவ்வளவு வாசித்தாலும் அத்தந்தி உறங்கிக்கொண்டே இருக்கும். பிரதி மத்யமத்தை நேராகத் தொட்டால் விழிக்கும். நிஷாதத்தை வாசித்தாலும் சிறிது விழிக்கும். ஏனெனில் நிஷாதம் 450இன் மூன்று மடங்கும் பிரதி மத்யமத்தின் நான்கு மடங்கும் ஒன்றே. கீரவாணிக்காக அதே தந்தியை 320க்கு இறக்கியதும் அதன் குணமே மாறிவிடுகிறது. 320இன் மூன்று மடங்கு 960. ஷட்ஜத்தின் நான்கு மடங்கும் 960. இனி ஒவ்வொரு ஷட்ஜத்துக்கும் மத்யமத் தந்தி மெல்ல விடையிறுக்கும். ஒரு தந்தியின் ஒரு பிரடையை அரை ஸ்வரம் திருகியதால், வாத்தியத்தின் பின்னணி ஒலி முழுவதும் வேறு நிறம் கொள்கிறது. ராகத்துக்கு ராகம் ஸிதாரின் குரலே மாறுவதுபோல் நமக்குத் தோன்றுவது வெறும் மனப்பிரமை அன்று.

மறந்துபோய் அத்தந்தியைக் கல்யாணியின் இடத்திலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதலாவது, வித்வான் சுத்த மத்யமத்தை வாசிக்கும்போது அதற்குத் துணை நிற்க வேண்டிய தந்தி பேசாமலிருக்கும். மற்ற ஸ்வரங்கள் நீண்டு நிற்க, இந்த ஸ்வரம் மட்டும் வறண்டு ஒலிக்கும். இரண்டாவது இதைவிடப் பெரிய கெடுதல். ஸிதாரில் தந்தியை மெட்டின் மீது பக்கவாட்டில் இழுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதை 'மீண்ட்' என்பர். மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கு அவ்வாறு மெதுவாக ஏறும்போது ஒலி 320இலிருந்து 360 வரை இடைவிடாமல் செல்கிறது. நடுவே 337ஐக் கடக்கிறது. கடந்துபோகும் அந்தக் கணத்தில் பழைய தந்தி விழித்துக்கொள்ளும். கை பஞ்சமத்தில் போய் நின்றுவிட்டாலும், அத்தந்தி பிரதி மத்யமத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கீரவாணியில் இடமே இல்லாத ஸ்வரம் அது! வேகமாகக் கடந்தால் இத்தொல்லை குறைவு. நிதானமான ஆலாபனையில், ராகத்தின் உருவம் முழுவதும் மீண்டில் எழும் இடத்தில், இது தெளிவாகவே கேட்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேல்தந்தியில் தவறு நேர்ந்தால் வித்வானின் விரல் அடுத்த நொடியில் அதைத் திருத்திவிடும். பரிவுத் தந்தியை அவர் விரல் தொடுவதில்லை. அது எழுப்பும் ஒலியை நடுவில் தடுக்கவோ, திருத்தவோ, சற்று அடக்கு என்று சொல்லவோ வழியில்லை. பாடகருக்குப் பின்னால் அமர்ந்து, எதையும் கேட்காமல் தம் போக்கில் பாடும் சீடர் பதினொரு பேரைப்போன்றவை அத்தந்திகள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கச்சேரி தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். மேடையில் செலவாகும் அந்த இரண்டு மூன்று நிமிடமே அதற்குள்ள நேரம்.

ஏழு ஸ்வரமும் உள்ள ராகங்களில் கணக்கு இவ்வாறு நேராக முடிகிறது. ஐந்தே ஸ்வரம் கொண்ட ராகத்தில் வேறொரு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம் ஹிந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸில் ரிஷபமும் இல்லை, பஞ்சமமும் இல்லை. அவற்றுக்கான தந்திகளைச் சும்மா விட முடியாது. பஞ்சமத் தந்தி ஷட்ஜத்துக்கெல்லாம் விடை சொல்லும் சுபாவமுள்ளது என்று கண்டோமல்லவா? அதை 320க்கு இறக்கி இரண்டாவது மத்யமமாக்கலாம். ஆனால் அப்போது கம்பியின் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, குதிரையில் படபடக்கக் கூடும். அல்லது 384க்கு ஏற்றித் தைவதமாக்கலாம். அப்போது இறுக்கம் ஏழில் ஒரு பங்கு கூடும். பழைய கம்பியானால் அறுந்துபோகலாம். எதைத் தேர்வது என்பது, அந்த ராகத்தில் எந்த ஸ்வரத்துக்கு இரட்டைத் துணை வேண்டும் என்னும் இசைத் தீர்ப்பையும், கம்பி எவ்வளவு தாங்கும் என்னும் கைப்பழக்கத்தையும் பொறுத்தது.

பரிவுத் தந்திகளால் செய்ய இயலாததும் உண்டு. ஒரே இடத்தில் நில்லாமல் அசையும் ஸ்வரத்துக்கு அவை முழுத் துணை தர முடியாது. தர்பாரியின் காந்தாரம் மெல்ல ஊசலாடுவது. தந்தியோ ஒரே இடத்தில் நிற்பது. ஸ்வரம் அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் அது சிறிது தள்ளல் பெறுகிறது. தோடியின் காந்தாரம்போல் கமகத்திலேயே வாழும் ஸ்வரங்கள் நிறைந்த நம் இசைக்கு இத்தந்திகள் எவ்வளவு உதவும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஸ்வரத்தின் மீது நெடுநேரம் நின்று வாசிக்கும் வடநாட்டு ஆலாபனைக்கு இவை இயல்பாகப் பொருந்துகின்றன. நம் வீணையில் இவை இல்லாததால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

மும்பையின் காற்றும் இத்தந்திகளைச் சோதிக்கிறது. ஜூன் மாதத்தில் மழை தொடங்கியதும் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது; பிரடைகள் துவாரத்தில் இறுகித் திரும்ப மறுக்கின்றன. குளிர்காலத்து வறட்சியில் அவையே சுருங்கி வழுக்குகின்றன. அப்போது சிறிது சுண்ணக்கட்டிப் பொடி தடவுவார்கள். கடற்காற்றால் மெல்லிய எஃகுக் கம்பி துருப்பிடிப்பது மற்றொரு தொல்லை. துருவேறிய கம்பி சரியான ஸ்வரத்தில் நின்றாலும் நெடுநேரம் ஒலிப்பதில்லை. மேல்தந்தியை அமர்த்தியபின் மற்றப் பரிவுகள் நீண்டு நிற்க, ஒன்று மட்டும் உடனே மாய்ந்தால், அக்கம்பியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியலாம். சுருதி சரியாக இருந்தும் கரகரப்புக் கேட்டால், கம்பி ஏதேனும் மெட்டின் அடிப்பாகத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பர். அதுவும் இல்லையெனில் சிறு குதிரையின் முகம் கம்பி பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும். அதைச் சீராக்குவது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. இதே மாநிலத்திலுள்ள மிரஜ் நகரத்தில் தலைமுறை தலைமுறையாக ஸிதாரும் தம்பூராவும் செய்து வரும் குடும்பங்கள் உள்ளன. 2024இல் மிரஜ் ஸிதாருக்கும் தம்பூராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடைசியாக, கேட்பவருக்கு ஒரு வார்த்தை. பரிவுத் தந்திகளின் ஒலி மிகச் சிறிது. 2,700 இருக்கைகளுக்கு மேலுள்ள ஷண்முகானந்த அரங்கத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் அது கடைசி வரிசையை எட்டாது. தபலா தொடங்கியபின் முன்வரிசையிலும் அது மறைந்துபோகும். அதைக் கேட்க வேண்டுமானால் ஆலாபனையில், ஒரு சொற்றொடர் முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள இடைவெளியில் செவி கொடுக்க வேண்டும். வித்வானின் கை ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளி வெறுமையாக இராது. அவர் இப்போது வாசித்துவிட்ட ஸ்வரங்கள் எவையோ அவை அங்கே தம்மைத் தாமே மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கும். அவ்வொலிகள் யாவும் ராகத்துக்குள்ளேயே இருந்தால், தொடக்கத்தில் செலவான அந்தச் சில நிமிடங்கள் வீண்போகவில்லை என்று அறியலாம்.